கேக்குக்கு எவ்வளவு க்ரீம்? இன்ச் டேப் சொல்லும் கணக்கு

"அக்கா, சனிக்கிழமைக்கு ஒரு கிலோ சாக்லேட் கேக் வேணும்" என்று ஆர்டர் வந்ததும் வீட்டில் கேக் செய்யும் பெண்கள் பலர் நோட்டைத் திறக்கிறார்கள். மைதா எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை கிராம், முட்டை எத்தனை என்று ஸ்பாஞ்சுக்கு எல்லாமே அதில் எழுதியிருக்கும். க்ரீம் பகுதிக்கு வந்தால் மட்டும் "தேவையான அளவு" என்று இருக்கும். அந்தத் தேவையான அளவு என்ன என்பதைக் கைதான் முடிவு செய்கிறது.

கைக்கணக்கு பல நாள் சரியாகவே வரும். தவறும் நாளில் அது தவறும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே அடுக்குகளுக்குத் தாராளமாகத் தடவி, மேலேயும் தடவி, பக்கத்தைச் சுற்றி வரும்போது கிண்ணம் காலியாகிவிடும். உடனே இன்னொரு தடவை அடித்தால் நிறம் ஒத்துப்போகாது. பட்டர்க்ரீமில் கலந்த நிறம் சில மணி நேரத்தில் ஆழமாகும் தன்மை கொண்டது; சிவப்பிலும் கறுப்பிலும் இது நன்றாகவே தெரியும். முதலில் அடித்தது ஆழ்ந்திருக்கும், இப்போது அடித்தது வெளிறியிருக்கும், கேக்கின் ஒரு பக்கத்தில் ஒட்டுப்போட்டது போல அது நிற்கும்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர் வீட்டின் எடையைக் கேட்பதில்லை. சுவர் எத்தனை சதுர அடி என்றுதான் கேட்கிறார். க்ரீமும் பூச்சு வேலைதான். கேக் எத்தனை கிலோ என்ற கேள்விக்கும் க்ரீமுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கேக்கின் பரப்பு எவ்வளவு, அதன்மேல் எவ்வளவு கனத்தில் பூசப்போகிறோம் என்ற இரண்டும் தெரிந்தால் க்ரீமின் அளவு தானாக வந்துவிடும். அதற்கு ஒரு தையல் இன்ச் டேப்பும், கிராம் காட்டும் சமையலறைத் தராசும் போதும்.

டேப்பில் சென்டிமீட்டர் உள்ள பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கேக் டின்னை எல்லோரும் இன்ச்சில்தான் சொல்கிறோம் என்றாலும் இந்தக் கணக்குக்குச் சென்டிமீட்டரே வசதி. ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள க்ரீம் சரியாக ஒரு மில்லிலிட்டர். அதனால் பரப்பைக் கனத்தால் பெருக்கியதுமே மில்லிலிட்டர் கையில் இருக்கும். வேறு எதையும் மாற்றத் தேவையில்லை.

எட்டு இன்ச் டின்னில் செய்த கேக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஸ்பாஞ்ச் அடுக்கு, நடுவில் இரண்டு இடத்தில் க்ரீம், மொத்த உயரம் 10 சென்டிமீட்டர். அடுக்கி முடித்த கேக்கின் விட்டம் 20 சென்டிமீட்டர். டின்னின் அளவை எழுதிவைக்காமல் கேக்கையே அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வெந்து ஆறும்போது ஸ்பாஞ்ச் டின்னின் ஓரத்திலிருந்து கொஞ்சம் சுருங்கி விலகும். பட்டர் பேப்பரை உரித்த பிறகு, ஓரத்தைச் சீவினால் சீவிய பிறகு, டேப்பைச் சுற்றுங்கள்.

சுற்றளவு ஏறத்தாழ 62.8 சென்டிமீட்டர் காட்டும். இந்த ஒரு எண் போதும், பை என்ற பள்ளிக்கூடச் சங்கதியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியதில்லை. சுற்றளவை உயரத்தால் பெருக்கினால் பக்கத்தின் பரப்பு: 62.8 பெருக்கல் 10, அதாவது 628 சதுர சென்டிமீட்டர். பக்கத்தை ஒரு காகிதத்தால் சுற்றி, வெட்டி, மேசையில் விரித்தால் அது 62.8 நீளமும் 10 உயரமும் உள்ள ஒரு பட்டைதான் என்பதால் இது இவ்வளவு எளிது.

மேல்பரப்புக்கு, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். 31.4 பெருக்கல் 10, அதாவது 314. வட்ட நிலத்தின் குழிக்கணக்குக்குக் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் சொல்லும் வழி இதேதான். 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்திலும் இதே விதி இருக்கிறது. அந்த நூலில் இன்னொரு சுவையான விஷயமும் உண்டு. விட்டம் 20000 ஆக இருக்கும் வட்டத்துக்குச் சுற்றளவு 62832 என்று ஆரியபட்டர் தருகிறார். நம் கேக்கின் விட்டம் 20. டேப் காட்டிய 62.8 அவருடைய எண்ணேதான், புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கிறது. எட்டு இன்ச் கேக் செய்பவர்களுக்கு 1500 ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்தது போல இருக்கிறது.

உள்ளே இரண்டு அடுக்குப் பூச்சு. ஒவ்வொன்றும் மேல்பரப்பு அளவே, 314. இரண்டும் சேர்ந்து 628.

இப்போது மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மேலே 314, பக்கம் 628, உள்ளே 628. கண்ணுக்கு முதலில் தெரிவது மேல்பரப்பு. எழுத்தும் பூவும் அங்கேதான் வருகின்றன, அதனால் அங்கேதான் க்ரீம் அதிகம் போகிறது என்று கை நினைத்துக்கொள்கிறது. ஆனால் பக்கம் மேல்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. பக்கத்துக்கு வரும்போது கிண்ணம் காலியாவதற்கு இதுதான் காரணம். கேக் இன்னும் உயர்ந்தால் இந்த வேறுபாடு கூடும். இப்போது உயரமான கேக்கைத்தான் பலரும் விரும்பிக் கேட்கிறார்கள். இதே கேக்கை 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் மேல்பரப்பு 314-இலேயே நிற்கும், பக்கம் மட்டும் 942 ஆகிவிடும்.

அடுத்தது கனம். முடிந்த கேக்கை வெட்டி, துண்டின் ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தெரியும். உதிரித் துகள்களைப் பிடித்து வைக்கப் பூசும் மெல்லிய முதல் பூச்சு, அதாவது கிரம் கோட், சுமார் 2 மில்லிமீட்டர். அது குளிர்ந்து இறுகியபின் மேலே வரும் இறுதிப் பூச்சு 4 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 6 மில்லிமீட்டர். சென்டிமீட்டரில் 0.6. இது எனக்குப் பிடித்த கனம். இதற்குக் கீழே போனால் மழமழவென்று இழைக்கும்போது ஸ்பாஞ்ச் எட்டிப் பார்க்கும். 1 சென்டிமீட்டரைத் தொட்டால் பட்டர்க்ரீமில் தித்திப்பு மிஞ்சி, ஓரத்துண்டு கிடைத்தவர் க்ரீமை வழித்து ஒதுக்கிவிடுவார். ஸ்பாஞ்ச் மங்கலாகத் தெரியும்படி விடும் பாணிக்கு 2 மில்லிமீட்டரே போதும்.

கனத்தைக் கையின் பழக்கத்துக்கு விடாமல் நிலைப்படுத்த ஒரு வழி உண்டு. கேக்கின் அடியில் வைக்கும் போர்டை, கேக்கைவிட எவ்வளவு பெரியதாக வைக்கிறோமோ அதில் பாதிதான் பக்கப் பூச்சின் கனம். கேக் 20 சென்டிமீட்டர், போர்டு 21.2 சென்டிமீட்டர் என்றால், ஸ்கிரேப்பரின் அடிப்பகுதியைப் போர்டின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்து டர்ன்டேபிளைச் சுற்றும்போது சுற்றிலும் 0.6 மட்டும் நின்று மீதி வழிந்து வந்துவிடும். கேக் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும், அது முக்கியம். ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்தால் ஒருபுறம் ஸ்பாஞ்ச் தெரியும், மறுபுறம் க்ரீம் குவியும். அப்போது எவ்வளவு பூசினாலும் தெரிகிற பக்கம் மூடாது. க்ரீம் குறைவு என்று நினைத்து இன்னும் அடிப்பதில் பயனில்லை, கேக்கை நகர்த்தி வைப்பதுதான் வழி.

வெளிப்பரப்பு 314-ம் 628-ம் சேர்ந்து 942. அதை 0.6-ஆல் பெருக்கினால் 565 மில்லிலிட்டர். இதில் ஒரு சிறிய குறை இருக்கிறது. பூசப் பூச கேக்கின் சுற்றளவு வளர்கிறது, மேல் விளிம்பில் பக்கப் பூச்சும் மேல் பூச்சும் சந்திக்கும் மூலையையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. வெறும் பரப்புக்கணக்கு இந்த இரண்டையும் பார்ப்பதில்லை. பூசிய கேக்கின் கனஅளவிலிருந்து பூசாத கேக்கின் கனஅளவைக் கழித்துத் துல்லியமாகப் பார்த்தால் 600 மில்லிலிட்டர் வருகிறது. வேறுபாடு 35 மில்லிலிட்டர்தான், நூற்றுக்கு ஆறு. ஒவ்வொரு முறையும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வெளிப்பூச்சுக் கணக்கில் எப்போதும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது நினைவில் இருந்தால் போதும்.

உள்ளடுக்குக்கும் 6 மில்லிமீட்டர் என்றே வைப்போம். 628 பெருக்கல் 0.6, ஏறத்தாழ 377 மில்லிலிட்டர். ஓர் அடுக்குக்கு 188.

இந்த இடத்தில் கணக்கை அடியோடு கவிழ்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது ஸ்பாஞ்சின் நடுமேடு. அடுப்பில் ஓரம் முதலில் வெந்து இறுகிவிட, நடு மெதுவாக எழும்பி மேடாக நிற்கும். அதைச் சீவாமல் கவிழ்த்து வைத்தோ அப்படியே விட்டோ க்ரீமால் சமன்படுத்துகிறவர்கள் உண்டு. நடுவில் வெறும் 1 சென்டிமீட்டர் மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டின் உச்சிக்கு ஓரத்தைக் கொண்டுவர 157 மில்லிலிட்டர் க்ரீம் வேண்டும். மேல்பரப்பு முழுவதற்கும் 6 மில்லிமீட்டர் பூசவே 188 மில்லிலிட்டர்தான் ஆகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஓர் அடுக்குக்கான க்ரீம் ஓரத்துப் பள்ளத்தை நிரப்பவே போய்விடுகிறது. மூன்று அடுக்கிலும் மேடு இருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. கேக்கை வெட்டும்போது நடுத்துண்டில் க்ரீம் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருந்தால் காரணம் இதுதான். ரம்பப் பல் கத்தியால் மேட்டைச் சீவுங்கள். சீவிய துண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு, க்ரீம் கேக்குக்கு.

அலங்காரத்துக்கான க்ரீமைப் பரப்பால் அளக்க முடியாது. அதற்கு வேறு வழி. மேல் விளிம்பைச் சுற்றி விரல் கனத்தில், 1.5 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு கயிறு போலப் பைப்பிங் செய்தால் அதன் குறுக்குவெட்டு 1.77 சதுர சென்டிமீட்டர். 62.8 சுற்றுக்கு 111 மில்லிலிட்டர். பூக்களுக்கும் சிப்பிகளுக்கும் இப்படிக் கணக்குப் போடுவது வீண். தராசின் மேல் ஒரு துண்டு பட்டர் பேப்பரை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நீங்கள் வழக்கமாகப் போடும் பூவை உங்கள் நாசிலால் ஒன்று போட்டுப் பாருங்கள். 25 கிராம் காட்டினால், எட்டுப் பூவுக்கு 200 கிராம். பட்டர் பேப்பரில் உள்ளதை வழித்து மறுபடி பையில் போட்டுக்கொள்ளலாம். பக்கம் முழுவதும் ரோஜாவாகப் பூத்து நிற்கும் கேக்குக்கும் இதுவே முறை. 5 சென்டிமீட்டர் அகலப் பூ என்றால் 62.8 சுற்றில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று, 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு வரிசை, மேலே ஒரு டஜன். இடைவெளிகளை நிரப்பச் சிறு பூக்களை விட்டுவிட்டாலும் முப்பத்தைந்துக்கு மேல் போகும். ஒரு பூ 25 கிராம் என்றால் பூ மட்டுமே 900 கிராமைத் தொடும். விலை சொல்லும் முன்பு இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நாம் எடுத்த கேக்குக்குப் பூ வேண்டாம், விளிம்புக் கயிறு மட்டும். வெளிப்பூச்சு 600, உள்ளே 377, விளிம்பு 111. மொத்தம் 1088 மில்லிலிட்டர். கிண்ணத்தின் சுவரிலும், பேலட் நைஃபிலும், பைப்பிங் பையின் மூலையிலும் ஒட்டிக்கொள்வது, துகள் கலந்ததால் ஒதுக்கிவைக்கும் க்ரீம் ஆகியவற்றுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் ஏறத்தாழ 1200 மில்லிலிட்டர்.

ஆனால் யாரும் க்ரீமை மில்லிலிட்டரில் அடிப்பதில்லை. வெண்ணெயும் ஐசிங் சுகரும் கிராமில் வருகின்றன, விப்பிங் க்ரீம் பெட்டியில் திரவமாக வருகிறது. இரண்டுக்கும் நடுவே காற்று புகுந்துவிடுகிறது. எந்த க்ரீமில் எவ்வளவு காற்று என்பது பிராண்டு, குளிர்ச்சி, அடிக்கும் நேரம், பீட்டரின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது. அதனால் வேறொருவருடைய எண்ணை நம்புவதைவிட உங்கள் க்ரீமை நீங்களே அளப்பது மேல். 200 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கொள்ளளவு நிச்சயமில்லை என்றால் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். விளிம்பு வரை 200 கிராம் தண்ணீர் பிடித்தால் அது 200 மில்லிலிட்டர். பிறகு அடித்த க்ரீமை இடையில் காற்றுப் பொந்து விழாமல் அழுத்தி நிரப்பி, விளிம்பைக் கத்தியால் வழித்து, எடையைப் பாருங்கள்.

வெண்ணெய் ஒரு பங்கும் ஐசிங் சுகர் இரண்டு பங்குமாக அடித்த பட்டர்க்ரீம் 180 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் 0.9 கிராம். 1200 மில்லிலிட்டருக்கு 1080 கிராம் வேண்டும். அடிக்கும்போது காற்று சேர்ந்து கனஅளவு கூடுமே தவிர எடை கூடாது. கிண்ணத்தில் போட்ட பொருள்களின் எடைதான் க்ரீமின் எடை. எனவே வெண்ணெய் 350 கிராம், ஐசிங் சுகர் 700 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக 35 கிராம். கூட்டினால் 1085. "தேவையான அளவு" என்று இருந்த இடத்தில் இதை எழுதிக்கொள்ளலாம்.

அதே கேக்குக்கு, நம்மூர் பேக்கரிகளில் அதிகம் புழங்கும் நான்-டெய்ரி விப்பிங் க்ரீம் என்றால்? அது மூன்று மடங்கு அளவுக்கு உப்பக்கூடியது. டம்ளரில் 70 கிராம்தான் நிற்கிறது என்று வைத்தால் மில்லிலிட்டருக்கு 0.35 கிராம். 1200-க்கு 420 கிராம் திரவம் போதும். பாலாடையிலிருந்து வரும் உண்மையான க்ரீம் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் உப்பும் என்பதால் 600 கிராம் அளவுக்கு வேண்டும். பூசும் இடம் ஒன்று, கனம் ஒன்று, கிண்ணத்தில் நிற்கும் க்ரீமின் அளவும் ஒன்று. ஆனால் வாங்க வேண்டிய சரக்கு 420-இலிருந்து 1085 வரை மாறுகிறது.

கிலோக் கணக்கில் கேக் விற்கும் நம் வழக்கத்துக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பேசாமல் விடுவது சரியில்லை. நம் கேக்கில் க்ரீமைக் கழித்தால் ஸ்பாஞ்ச் 2765 மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 0.4 கிராம் எடையுள்ள ஸ்பாஞ்ச் என்றால் 1100 கிராம். அதில் பட்டர்க்ரீம் பூசினால் கேக் 2 கிலோவைத் தாண்டிவிடும். விப்பிங் க்ரீம் பூசினால் ஒன்றரைக் கிலோவில் நிற்கும். ஒரே டின், ஒரே உயரம், அதே எண்ணிக்கையில் துண்டுகள். வாங்குகிறவர் "போன தடவை ஒன்றரைக் கிலோ இவ்வளவு பெரிசா இருந்துச்சே" என்று கேட்டால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. செய்தவரும் எடையில் ஏமாற்றவில்லை. பட்டர்க்ரீம் கேக்குக்கு இன்ச்சும் உயரமும் சொல்லி விலை பேசுவதே இரு தரப்புக்கும் நேர்மையானது என்று நினைக்கிறேன்.

கிலோ இன்னொரு இடத்திலும் கையை ஏமாற்றும். பெரிய கேக்கின் குறிப்பைப் பாதியாக்கிச் சின்ன கேக் செய்யும்போது ஸ்பாஞ்சோடு சேர்த்து க்ரீமையும் பாதியாக்கிவிடுகிறோம். 14 சென்டிமீட்டர் விட்டமும் அதே 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கேக்கை எடுத்துக்கொண்டால், அதன் கனஅளவு நம் கேக்கில் ஏறத்தாழப் பாதி. டேப்பைச் சுற்றினால் 44. பக்கம் 440, மேலே 22 பெருக்கல் 7, அதாவது 154. இரண்டும் சேர்ந்து 594. பெரிய கேக்கின் 942-இல் பாதி 471-தானே? பாதி க்ரீம் அடித்தவருக்கு வெளிப்பூச்சில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். உருவம் சிறுக்கச் சிறுக்க உள்ளே இருப்பது வேகமாகக் குறைகிறது, வெளியே தெரியும் தோல் அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. அரைக் கிலோ கேக் இரண்டு செய்வது ஒரு கிலோ கேக் ஒன்று செய்வதைவிட க்ரீமில் செலவு கூடியது. இது விலையிலும் தெரிய வேண்டும்.

சதுரக் கேக்குக்குக் கணக்கு இன்னும் எளிது. 20 சென்டிமீட்டர் சதுரத்தின் மேல்பரப்பு 400, நான்கு பக்கமும் சேர்ந்து 800. வட்டத்தின் 314-ஓடும் 628-ஓடும் ஒப்பிட்டால் இரண்டிலுமே 1.27 மடங்கு. மேலே, பக்கம், உள்ளடுக்கு எல்லாம் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன. எந்த இன்ச்சாக இருந்தாலும், எந்த உயரமாக இருந்தாலும் இது மாறாது. ஆகவே வட்டத்துக்குத் தெரிந்த அளவோடு கால் பங்குக்குச் சற்றே கூடுதலாகச் சேர்த்தால் அதே இன்ச் சதுரத்துக்குச் சரியாக இருக்கும். பொம்மை கேக்கின் பாவாடைக்கு அரைக்கோள டின் பயன்படுத்தினால், அதன் வளைந்த பரப்பு அடிவட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆர்க்கிமிடீஸ் கண்டு சொன்னது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளத்துக்கு 628.

கணக்கு கைவிடும் இடம் வெயில். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் வெண்ணெய் குழைந்துவிடும். அப்போது பூச்சு மேலிருந்து மெதுவாக இறங்கி அடியில் பிதுங்கும், கனம் எங்கும் ஒன்றாக இருக்காது. இன்னும் பூசினால் சரியாகும் என்று தோன்றும். ஆனால் கூடுதல் எடை சரிவை வேகப்படுத்தும். வெயில் காலத்தில் 6 மில்லிமீட்டரை 4-ஆக்கி, கிரம் கோட் போட்டபின் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது பாதுகாப்பு. உள்ளடுக்கிலும் இதே சங்கடம் வரும். மேல் அடுக்கின் எடை தாங்காமல் மென்மையான க்ரீம் ஓரத்தில் பிதுங்கி, வெளிப்பூச்சில் இடுப்புப் பட்டை போல ஒரு புடைப்பாகத் தெரியும். அங்கே க்ரீமைக் கூட்டுவது தீர்வாகாது. அடுக்கின் ஓரத்தைச் சுற்றிச் சற்று இறுக்கமான க்ரீமால் ஒரு வரப்புக் கட்டி, அதற்குள் மென்மையானதை நிரப்ப வேண்டும். வரப்பும் அந்த 188 மில்லிலிட்டருக்குள்ளேயே அடங்கிவிடும்.

அடுக்குகள் ஒரே கனமாக வரவும் தராசே உதவும். க்ரீம் உள்ள கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். எடுக்க எடுக்கத் திரையில் மைனஸ் எண் ஏறும். நம் பட்டர்க்ரீமில் ஓர் அடுக்குக்கு 188 மில்லிலிட்டர் என்பது 170 கிராம். மைனஸ் 170 காட்டியதும் நிறுத்திவிடலாம். முதல் அடுக்கில் மலையாகவும் இரண்டாவதில் மெழுகாகவும் வருவது இதனால் நின்றுபோகும்.

உங்கள் கை உண்மையில் எவ்வளவு கனம் பூசுகிறது என்பதையும் இதே முறையில் கண்டுபிடிக்கலாம், வெட்டிப் பார்க்க முடியாத வாடிக்கையாளர் கேக்கிலும்கூட. அடுக்கி முடித்தபின், வெளிப்பூச்சைத் தொடங்கும் முன் கிண்ணத்தை எடை போடுங்கள். இழைத்து முடித்து, ஸ்கிரேப்பரில் வழிந்ததையெல்லாம் கிண்ணத்திலேயே திரும்பப் போட்டு, மறுபடி எடை போடுங்கள். 630 கிராம் குறைந்திருந்தால், அதை 0.9-ஆல் வகுத்தால் 700 மில்லிலிட்டர். அதை 942-ஆல் வகுத்தால் 0.74. ஆறு மில்லிமீட்டர் என்று நினைத்துப் பூசிய கை ஏழரை மில்லிமீட்டர் பூசியிருக்கிறது. மூலை, விளிம்பு, சுற்றளவு வளர்வது எல்லாம் இந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டன. இனி தனியாக எதையும் கூட்ட வேண்டாம்.

அடுத்த வாரம் பத்து இன்ச் கேக் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுக்கி அளந்தால் விட்டம் 25, உயரம் 10, டேப்பில் சுற்றளவு 78.5. பக்கம் 785. மேலே 39.25 பெருக்கல் 12.5, ஏறத்தாழ 491. மொத்தம் 1276. உங்கள் கையின் 0.74-ஆல் பெருக்கினால் 944 மில்லிலிட்டர், எடையில் 850 கிராம். அடுக்கு ஒன்றுக்கு 491 பெருக்கல் 0.6, அதாவது 295 மில்லிலிட்டர், கிராமில் 265. இரண்டு அடுக்குக்கு 530. விளிம்புக் கயிறு 78.5 பெருக்கல் 1.77, 139 மில்லிலிட்டர், 125 கிராம். கூட்டினால் 1505, ஒட்டலுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்து 1655 கிராம். வெண்ணெய் 535, ஐசிங் சுகர் 1070, பால் 50. நிறத்தை முழு அளவிலும் ஒரே தடவையில் கலந்துவிடுங்கள்.